பிஞ்சு, கனி, கொப்புளான்: அம்மை மறுபடி வராத கதை

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. மூன்று வயதில் அவளுக்குச் சின்னம்மை போட்டது. போன மாதம் அவளுடைய சித்தப்பா பையனுக்குப் போட்டிருந்தது. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம், இவளுக்கு வரவே இல்லை. "எனக்கு ஏன் வரலை?" என்று விடாமல் கேட்கிறாள். நினைவு பி செல் என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். தூங்க வைக்கும்போது சொல்கிற மாதிரி, அறிவியலும் தப்பாமல், அதை வைத்து ஒரு கதை சொல்ல முடியுமா?

பதில்: மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். இதே கேள்வியை என் பேத்தியும் கேட்டாள். நான் சொன்ன முதல் கதை படுதோல்வி. கோட்டை, வீரர்கள், வாள் என்று ஆரம்பித்தேன். "அவங்க கிட்டதான் வாள் இருக்கே தாத்தா, அப்புறம் முதல் தடவை எனக்கு ஏன் வந்துச்சு?" என்று மடக்கிவிட்டாள். நியாயமான கேள்வி. சண்டைக் கதையில் யாருக்குப் பலம் அதிகம் என்பதுதான் விஷயம். பி செல் என்பது எதிர்ப்புப் பொருள் செய்யும் வெள்ளை அணு, அதன் விஷயத்தில் பலத்துக்கு வேலையே இல்லை. வந்தவனை அடையாளம் தெரிந்தவர்கள் உடம்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. முதல் தடவை அப்படி ஆள் கிடைப்பதே அபூர்வம், இரண்டாம் தடவை நிறைய பேர் தயாராக இருக்கிறார்கள். கதையை அதன் மேல் கட்டியபோது பேத்தி கேட்டாள், தூங்கவும் தூங்கினாள்.

கதைக்குப் போகும் முன் இரண்டு விஷயம். ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் பொருள், ஆங்கில ஒய் எழுத்து போல இருக்கும் என்பார்கள். நமக்கு அதைவிட நல்ல உவமை இருக்கிறது, உண்டிவில் செய்ய உடைக்கும் கவட்டைக் குச்சி. அதன் இரண்டு நுனிகள்தான் கிருமியைப் பிடிப்பவை. பி செல்லின் தோலிலும் இதே கவட்டைதான் குத்திட்டு நிற்கிறது, ஒரு செல்லுக்குச் சுமார் ஒரு லட்சம், எல்லாம் ஒரே அச்சு. அடுத்தது, கிருமிக்குத் தனிப் பெயர் வைத்துவிடுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அம்மையைத் திருடனாக்கிக் கதை சொல்வது அவர் காதுக்கு நன்றாக இருக்காது. நான் கொப்புளான் என்று வைத்தேன். செல்வி என்று வரும் இடத்தில் உங்கள் மகள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். கதையில் பிஞ்சு புது பி செல், கனி நினைவு பி செல், டி அக்கா பி செல்லுக்கு உதவும் டி செல், விழுங்கு மாமா கிருமியை விழுங்கும் செல்.

இனி கதை.

செல்வி என்று ஒரு பாப்பா. அவள் உடம்புக்குள்ளே ஒரு ஊர் இருந்தது, எலும்பூர். சென்னையில் இருக்கிறதே எழும்பூர், அது இல்லை. இது எலும்புக்குள்ளே இருக்கிற எலும்பூர். அங்கே தினமும் குட்டிக் குட்டியாய் நிறைய பேர் பிறப்பார்கள். அவர்களில் ஒருத்தி பிஞ்சு.

பிஞ்சு எவ்வளவு சின்னவள் தெரியுமா? செல்வியின் தலைமுடி ஒன்றை எடுத்து, அதன் குறுக்கே பிஞ்சு மாதிரி ஏழெட்டுப் பேர் கைகோத்து நிற்கலாம். பிஞ்சுவின் உடம்பெல்லாம் கவட்டை, பலாப்பழத்து முள் மாதிரி. எல்லாக் கவட்டைக்கும் நுனி ஒரே மாதிரி, கொஞ்சம் வளைந்து, நடுவில் ஒரு சின்னக் குழி.

பக்கத்து வீட்டுக்காரிக்கும் கவட்டை உண்டு. ஆனால் அவளுடைய நுனி வேறே. எதிர்வீட்டுக்காரிக்கு இன்னொரு மாதிரி. ஊரே இப்படித்தான். "எனக்கு ஏன் இந்த நுனி?" என்று பிஞ்சு கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. பிறக்கும்போது எது வந்ததோ அதுதான். அதில் என்ன மாட்டும் என்பதும் யாருக்கும் தெரியாது.

பிஞ்சு ஊர்சுற்றக் கிளம்பினாள். ரத்த ஆற்றில் மிதந்து போனாள். கழுத்தூரில் இறங்கினாள், கொஞ்சம் தங்கினாள். அக்குளூரில் இறங்கினாள், கொஞ்சம் தங்கினாள். போகிற இடமெல்லாம், எதிரே வருகிற எதையும் கவட்டையால் தொட்டுப் பார்ப்பாள். மாட்டாது. "நீ இல்லை" என்பாள். இன்னொன்றைத் தொடுவாள். "நீயும் இல்லை." நாள் முழுக்க இதே வேலை.

ஒரு நாள் செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்த பையன் இருமினான். லொக்கு, லொக்கு! அந்த இருமலில் ஏறிக்கொண்டு, செல்வியின் மூக்கு வழியாகக் கொப்புளான் உள்ளே வந்தான். அவன் பிஞ்சுவைவிட ரொம்ப ரொம்பச் சின்னவன். உருண்டையாய், மேலெல்லாம் மொட்டு மொட்டாய் இருந்தான். யாருக்கும் அவனைத் தெரியவில்லை.

முதல் ராத்திரி, கொப்புளான் ஒரு செல்லுக்குள் நுழைந்து நிறைய கொப்புளான் ஆனான். யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் ராத்திரி, இன்னும் நிறைய கொப்புளான். பிஞ்சு அப்போது அக்குளூரில் யாரையோ தொட்டு "நீ இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ராத்திரி. நாலாம் ராத்திரி. கொப்புளான்கள் கழுத்தூருக்கு வந்தார்கள். அங்கே ஆயிரம் பேர் தொட்டுப் பார்த்தார்கள். யார் கவட்டையிலும் மாட்டவில்லை. வழுக்கி வழுக்கிப் போனான்.

அப்புறம் ஒரு நாள், சுற்றிக்கொண்டே பிஞ்சு கழுத்தூருக்கு வந்தாள். வழக்கம் போலத் தொட்டாள்.

டக்!

பிஞ்சு திடுக்கிட்டாள். இழுத்துப் பார்த்தாள். கொப்புளானின் ஒரு மொட்டு அவள் கவட்டைக் குழியில் மாட்டியிருந்தது. "நீதான்! நீதான்!" என்று கத்தினாள். கத்திவிட்டு, தானாக எதுவும் செய்யாமல், நேரே டி அக்காவிடம் ஓடினாள். "அக்கா, இவனைப் பிடிச்சிருக்கேன். சரியா?" டி அக்கா ஏற்கனவே கொப்புளானின் ஒரு துண்டைப் பார்த்திருந்தாள். மேலும் கீழும் பார்த்தாள். "சரிதான் கண்ணு. இவன் நம்ம ஊர் ஆள் இல்லை. ஆரம்பி!"

பிஞ்சு ஆரம்பித்தாள். ஒன்று இரண்டாச்சு. இரண்டு நாலாச்சு. நாலு எட்டாச்சு. எட்டு பதினாறாச்சு. கழுத்தூரில் நிற்க இடமில்லை. ஊரே வீங்கிப்போனது. செல்வியின் அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "நெறி கட்டியிருக்கே" என்றாள். உள்ளே பிஞ்சுகள் நெருக்கியடித்து நிற்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

புதுசாகப் பிறந்த பிஞ்சுகளுக்கு நுனி கொஞ்சம் கொஞ்சம் மாறியிருந்தது. அவசரத்தில் பார்த்து எழுதினால் ஓரிரு எழுத்து தப்புமே, அந்த மாதிரி. சிலருக்கு நுனி கோணிப்போனது, கொப்புளான் மாட்டவே இல்லை. சிலருக்கு நுனி அப்படியே கச்சிதமாக அமைந்துவிட்டது. மாட்டினால் விடாது. டி அக்கா ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். "யாருக்குப் பிடி இறுக்கமோ, அவங்க இங்கே வாங்க."

ஆனால் இதற்கெல்லாம் ராத்திரி மேல் ராத்திரி ஆகிவிட்டது. அதற்குள் கொப்புளான் ரத்த ஆற்றில் இறங்கி, தோல் வரைக்கும் போய்விட்டான். பதினாலாம் நாள் காலையில் செல்விக்குக் காய்ச்சல். வயிற்றில் ஒரு சிவப்புப் பொட்டு. சாயங்காலம் பத்து. மறுநாள் எண்ண முடியவில்லை. ஒவ்வொரு பொட்டும் நீர் கோத்துக் கொப்புளமாச்சு. அரித்தது, அழுதாள். பாட்டி வேப்பிலையால் தடவிக் கொடுத்தாள்.

அப்போதுதான் கழுத்தூரிலிருந்து கவட்டை வந்தது! பிஞ்சுவின் பிள்ளைகளில் பலர் கவட்டைத் தச்சர்கள் ஆகியிருந்தார்கள். ஒரு தச்சர் ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் கவட்டை செய்து ஆற்றில் விடுவார். அவை மிதந்து போய்க் கொப்புளானின் மொட்டுகளில் மாட்டின. டக், டக், டக், டக்! மொட்டெல்லாம் மூடிப்போனால் கொப்புளானால் எந்த செல்லுக்குள்ளும் நுழைய முடியாது. திண்டாடி நின்றவனை விழுங்கு மாமா வந்து, மாட்டியிருந்த கவட்டையைப் பிடித்து, லபக்கென்று விழுங்கினார்.

கொப்புளம் காய்ந்தது, பொருக்கு உதிர்ந்தது. செல்விக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

வேலை முடிந்ததும் தச்சர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். கொஞ்சம் பேர் மட்டும் எலும்பூருக்குத் திரும்பி, அங்கே உட்கார்ந்து மெதுவாகக் கவட்டை செய்துகொண்டே இருந்தார்கள். இன்னும் சிலர் தச்சு வேலைக்கே போகவில்லை. கச்சிதமான நுனியோடு, சத்தமில்லாமல், ஊர் ஊராகச் சுற்றினார்கள். அவர்கள் இப்போது பிஞ்சு இல்லை, பழுத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பெயர் கனி.

ஒரு வருடம் போச்சு. இரண்டு வருடம் போச்சு. செல்வி பள்ளிக்கூடம் போனாள். முன்பல் விழுந்தது. கனி சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் செல்வியின் தம்பி குமரன் இருமினான். லொக்கு, லொக்கு! கொப்புளான் மறுபடியும் மூக்கு வழியாக உள்ளே வந்தான். "போன தடவை ஜாலியா இருந்துச்சு" என்று நினைத்துக்கொண்டே வந்தான்.

முதல் ராத்திரியே எலும்பூர்க் கவட்டைகள் அவன் மேல் மாட்டின. டக், டக்! கூட வந்தவர்களில் பலர் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். கொஞ்சம் பேர் தப்பித்துக் கழுத்தூருக்குப் போனார்கள்.

கழுத்தூரில் கனி இருந்தாள். ஒரு கனி இல்லை. இந்த மூலையில் ஒருத்தி, அந்த மூலையில் ஒருத்தி, வாசலில் மூன்று பேர். கொப்புளானைத் தொட்டார்கள்.

டக்!

"அட, நீயா?" என்றாள் கனி.

டி அக்காவும் பழைய ஆள்தான். தலையை நிமிர்த்திப் பார்த்தாள், உடனே "ம், ஆரம்பி" என்றாள். நூறு இருநூறாச்சு. இருநூறு நானூறாச்சு. நானூறு எண்ணூறாச்சு. மூன்று நாலு ராத்திரிக்குள் ஆறு முழுக்கக் கவட்டை. இந்தத் தடவை ஒவ்வொன்றும் கச்சிதமான கவட்டை. கொப்புளான் தோல் இருக்கிற பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

செல்விக்கு இது எதுவுமே தெரியாது. காலையில் எழுந்து, "அம்மா, எனக்கு ரெண்டு தோசை" என்றாள்.

கதை அவ்வளவுதான். இனி, இதைச் சொல்லும்போது வரக்கூடிய சிக்கல்கள்.

"ஒன்று இரண்டாச்சு" என்பதைச் சும்மா சொன்னால் பிள்ளைகளுக்குப் பதியாது. நான் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டேன். தரையில் ஒன்று வைத்து, ஒவ்வொரு கைதட்டலுக்கும் இரட்டிக்கச் சொன்னேன். 64 வருவதற்கு ஆறு கைதட்டல் ஆனது. அடுத்து, முதலிலேயே 16 கொட்டை வைத்துத் தொடங்கச் சொன்னேன். இரண்டே கைதட்டலில் 64. "அட, சீக்கிரம் வந்துடுச்சு!" என்றாள். கைதட்டும் வேகம் இரண்டு தடவையும் ஒன்றுதான், தொடங்கிய இடம்தான் வேறு. உண்மையான கணக்கும் இதே மாதிரிதான். ஒரு குறிப்பிட்ட கிருமியின் மொட்டு சரியாக மாட்டுகிற பி செல், அதை முன்பின் பார்க்காத உடம்பில், லட்சத்தில் ஒன்று இருந்தாலே அதிகம். நோய் வந்து போன பிறகு அந்த வகை பல மடங்கு பெருகியிருக்கும். ஆயிரம் மடங்கு என்று வைத்துக்கொண்டால், பத்து இரட்டிப்பு மிச்சம். ஒரு இரட்டிப்புக்கு அரை நாள் என்றால், ஐந்து நாள் மிச்சம். போதாததற்கு நினைவு செல்லைத் தட்டி எழுப்பவும் புது செல்லுக்கு ஆகிற அளவு நேரம் ஆகாது. பொதுவாக முதல் தடவை ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் கண்ணில் படவே ஒரு வாரம் போல ஆகும், நல்ல அளவு சேர இரண்டு வாரமாவது வேண்டும். இரண்டாம் தடவை மூன்று நாலு நாளில் ஏறத் தொடங்கி, முன்னைவிட அதிக உயரத்துக்குப் போகிறது. சின்னம்மைக்குக் கிருமி நுழைந்து கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிருமி நிதானமாக வேலை செய்கிறது, கனி அதற்கு முன்பே முடித்துவிடுகிறாள். தொற்றிய ஓரிரு நாளிலேயே நோயைக் கொண்டுவந்துவிடும் கிருமிகளிடம் கனிக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. அங்கே ஏற்கனவே ஆற்றில் மிதக்கும் கவட்டைதான் கை கொடுக்க வேண்டும்.

அதனால்தான் எலும்பூர்த் தச்சர்களைக் கதையிலிருந்து வெட்டாதீர்கள் என்கிறேன். கதை நீளமாக இருக்கிறதென்று அவர்களை விட்டுவிட்டு எல்லாப் புகழையும் கனிக்கே கொடுத்துவிடத் தோன்றும். உங்கள் மகள் விஷயத்தில் பெரும்பங்கு வேலையை மூன்று வருடமாக எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்து கவட்டை விட்டுக்கொண்டிருக்கும் அந்தச் செல்களே முடித்திருக்கலாம். கனி எழுந்தாளா இல்லையா என்று ஒரு தனி ஆளிடம் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் சின்னம்மை வந்த பிள்ளையைக் கூடவே இருந்து கவனித்த பெரியவர்கள் சிலருக்கு, நோய் வராமலே ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் அளவு ஏறியதைப் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். கழுத்தூரில் யாரோ எழுந்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அது தடயம்.

"நுனி கச்சிதமாச்சு" என்று கதையில் வருவது அலங்காரம் இல்லை, அதை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் ஒன்று அது. குழிக்குழியான பிளாஸ்டிக் தட்டில் கிருமியின் புரதத்தை ஒட்ட வைத்து, அதன் மேல் நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, விடுவோம். எதிர்ப்புப் பொருள் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு ஒரு குழியைச் சாதாரணக் கரைசலாலும், பக்கத்துக் குழியை யூரியா கலந்த கரைசலாலும் அலசுவோம். ஆமாம், வயலுக்குப் போடுகிறோமே அதே யூரியாதான், ஆய்வகத்துக்கான சுத்தத்தில். கடைசியில், மாட்டி நிற்கும் எதிர்ப்புப் பொருளின் அளவுக்கு ஏற்ப நிறம் வரச் செய்வோம். பிடி தளர்வாக இருந்தால் யூரியா அலசலில் கழன்று போகும், நிறம் வெளுத்துவிடும். பிடி இறுக்கமாக இருந்தால் இரண்டு குழியும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் நிற்கும். முதல் தடவை நோய் கண்ட சில வாரங்களில் எடுத்த ரத்தம் என்றால் வெளுக்கும். மாதங்கள் போன பிறகோ, இரண்டாம் தடவை சந்தித்த பிறகோ எடுத்தது என்றால் நிற்கும். இது புதுத் தொற்றா பழசா என்று சந்தேகம் வரும்போது இதை வைத்துப் பிரித்துச் சொல்வதுண்டு.

ஒரு இடத்தில் நான் வேண்டுமென்றே மழுப்பியிருக்கிறேன். நுனி கோணிப்போன பிஞ்சுகள் என்ன ஆனார்கள் என்று கதை சொல்லவில்லை. நிஜத்தில் அவர்கள் அங்கேயே செத்துப்போகிறார்கள், அதுவும் பெரும்பாலோர். தூங்க வைக்கும் கதைக்கு அது வேண்டாம் என்று விட்டேன். ஆனால் "பிஞ்சு கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டாள்" என்று மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். யாரும் எதையும் கற்கவில்லை. நகலெடுக்கும்போது கண்டபடி தப்பு விழுகிறது, தப்பில் சில நல்லதாக அமைகிறது, அதை டி அக்கா பொறுக்குகிறாள். கோணல் நுனிக்காரர்களையும் கதையில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

டி அக்காவுக்கும் நான் கொஞ்சம் அநியாயம் செய்திருக்கிறேன். சின்னம்மைக் கிருமி ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு வெளியே தலைகாட்டாமலே தாவும். அங்கே கவட்டை எட்டாது. கிருமி புகுந்த செல்லையே கண்டுபிடித்து ஒழிப்பது டி செல்களில் இன்னொரு வகை. அந்த அக்காவின் தங்கை என்று வைத்துக்கொண்டு இன்னொரு நாள் தனிக் கதை சொல்லலாம். ஒரே கதையில் இரண்டையும் திணித்துப் பார்த்தேன், பேத்தி பாதியில் கொட்டாவி விட்டாள்.

இனி, நிச்சயம் வரப்போகும் கேள்விகள். "அப்போ சளி மட்டும் ஏன் மறுபடி மறுபடி வருது?" என் பேத்தி கதை முடிந்த அரை நிமிடத்தில் கேட்டாள். சளிக்குக் காரணமான ரைனோவைரஸ் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட வகை. போன மாதம் வந்தவனுக்குக் கனி இருக்கிறாள், இந்த மாதம் வந்தவன் வேறு மொட்டுக்காரன். "கொப்புளானுக்கு ஒரே சட்டைதான், சளிக்காரன் வீட்டில் நூறு பேர், ஆளுக்கொரு சட்டை" என்றேன், ஒத்துக்கொண்டாள்.

"கனி எத்தனை நாள் இருப்பா?" என்பது அடுத்தது. இதற்கு ஒரு நிஜ சம்பவமே இருக்கிறது. 1918-ல் உலகம் முழுக்க ஒரு கொடிய இன்ஃப்ளுயன்ஸா பரவியது. அந்தக் காலத்தில் சிறு பிள்ளைகளாக இருந்து தப்பித்தவர்கள் 32 பேரை, 90 வருடம் கழித்து, அவர்களுக்கு 91-லிருந்து 101 வயது ஆனபோது, அமெரிக்காவில் தேடிப் பிடித்து ரத்தம் எடுத்தார்கள். சிலருடைய ரத்தத்தில் அந்த 1918 கிருமியை அடையாளம் காணும் பி செல்கள் அப்போதும் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்தெடுத்து எதிர்ப்புப் பொருள் செய்து, அந்தக் கிருமி செலுத்தப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகள் பிழைத்தன. 2008-ல் வெளிவந்த ஆய்வு இது. "நீ கொள்ளுப்பாட்டி ஆனாலும் கனி இருப்பாளாம்" என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம். எல்லாக் கிருமிக்கும் இவ்வளவு நீளமான நினைவு வாய்ப்பதில்லை. சின்னம்மைக்கு அனேகமாக வாய்க்கிறது. அபூர்வமாகச் சிலருக்கு இரண்டாம் தடவை வருவதும் உண்டு.

"கொப்புளான் செத்துட்டானா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். விழுங்கு மாமா விழுங்கியது போக மிச்சம் கொஞ்சம் பேர் முதல் தடவையே முதுகுத்தண்டுப் பக்கம் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துவிடுகிறார்கள். அங்கேயே ஐம்பது, அறுபது வருடம்கூடக் கிடப்பார்கள். வயதாகிக் காவல் தளரும்போது, ஒரே நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வந்து வரிசையாகக் கொப்புளம் கட்டும். அதுதான் அக்கி. நம் ஊர்ப் பக்கம் குயவர் வீட்டில் காவி குழைத்து "அக்கி எழுதுவார்களே", அந்த அக்கி, சின்னம்மைக் கிருமியின் இரண்டாம் அவதாரம். இங்கே கவட்டை நிறைய இருந்தும் பெரிதாகப் பயன் இல்லை, காவல் முழுக்க டி செல்களுடையது. ஆறு வயதுக்கு "கொஞ்சம் பேர் ஒளிஞ்சு தூங்கறாங்க, அக்காக்கள் காவல் இருக்காங்க" என்பது போதும். அம்மை வராத பிள்ளை வீட்டில் இருந்தால் அதற்கும் பதில் கதையிலேயே இருக்கிறது. தடுப்பூசியில் இருப்பது நோஞ்சான் கொப்புளான். அவனை வைத்தே பிஞ்சு கனியாகிவிடுவாள், வயிற்றில் பொட்டு வராமலே.

கடைசியாக, "ஏன் பி?" எலும்பு மஜ்ஜைக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள், அது தற்செயல் பொருத்தம். பி வந்தது கோழியிடமிருந்து. கோழிக்கு வால் பக்கம், எச்சம் வரும் வழிக்கு மேலே, ஒரு சின்னப் பை உண்டு. பர்சா என்பார்கள். அது எதற்கென்றே நெடுங்காலம் தெரியவில்லை. 1950-களில் அமெரிக்காவின் ஓஹியோவில் ப்ரூஸ் கிளிக் என்ற மாணவர் குஞ்சுகளிலிருந்து அந்தப் பையை எடுத்துவிட்டு என்ன ஆகிறதென்று பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவருடைய நண்பர் திமதி சாங், வகுப்பில் எதிர்ப்புப் பொருள் உண்டாவதைச் செய்து காட்ட அதே கோழிகளைக் கடன் வாங்கிப்போய்க் கிருமியிலிருந்து எடுத்த பொருளை ஊசி போட்டார். பை எடுத்த கோழிகளில் எதிர்ப்புப் பொருள் உண்டாகவில்லை. வகுப்பு கெட்டுப்போனது, கண்டுபிடிப்பு கிடைத்தது. 1956-ல் கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் அது வெளிவந்தது.

இதையும் பேத்தியிடம் சொல்லித் தொலைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாட்டுக்கோழி. சமையலறையில் நின்றுகொண்டு, அந்தப் பையைக் காட்டினால்தான் ஆச்சு என்று அடம். தேடினேன், கிடைக்கவில்லை. கோழி பருவத்துக்கு வரும்போது பர்சா சுருங்கி மறைந்துவிடும், எங்களுக்குக் கிடைத்ததோ முட்டையிட்டு ஓய்ந்த கோழி.